அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள ஓனரிடம் கேட்ட அனுபவம்

ஜெயநகர்க்காரி:
அப்பா போன பிறகு அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டேன். ஓனர் கீழ்வீட்டில். வாடகை 22,000, தண்ணீருக்கு ஆளுக்கு 150. பதினோரு மாத அக்ரிமென்ட்டில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. "அம்மா இனி எங்களோடதான் இருப்பாங்க, வாடகை ஏதாவது மாறுமா?" என்று கேட்டேன். "1,500 கூடக் கொடுங்க" என்றார். அம்மா பையோடு மாடிப்படியில் நின்றிருந்தார். "பத்து நாள்ல போயிடுவேன் சார்" என்றார். அந்தக் குரல் மனதை விட்டுப் போகவே இல்லை.

இரவு அக்ரிமென்ட்டை எடுத்துப் படித்தேன். உள்வாடகைக்கு விடக்கூடாது என்றிருந்தது. எத்தனை பேர் இருக்கலாம் என்று ஒரு வரி இல்லை. மறுநாள் அதைக் காட்டியதும் தண்ணீருக்கு 150 மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டார்.

மல்லேஸ்வரம் தம்பி:
கேட்டதே தப்புக்கா. பெத்த அம்மாவுக்கு யார் அனுமதி வேணும்? வாடகைச் சட்டம் நம்ம பக்கம்.

செம்பூர் மாமா:
தம்பி, அம்மா தங்குவது உள்வாடகை ஆகாது, அது சரி. ஆனால் கர்நாடகாவின் 1999 வாடகைச் சட்டம் பெங்களூரில் மாதம் 3,500-க்கு மேல் வாடகை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது அக்ரிமென்ட்தான். அதில் 'இரண்டு பேர் மட்டும்' என்று எழுதியிருந்தால் கதையே வேறு. ஓனர் சம்மதித்ததை அன்றைக்கே வாட்ஸப்பில் எழுதி, அவரை 'சரி' என்று பதில் போட வைக்க வேண்டும்.

இங்கே மும்பையில் என் மாமியார் வந்தபோது ஓனர் ஒன்றும் சொல்லவில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி செக்ரட்டரிதான் நான்-ஆக்குபன்சி சார்ஜ் ஏறும் என்றார். ஓனர் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டதற்காக வாங்குவது அது. சர்வீஸ் சார்ஜில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, தலைக்கணக்கும் கிடையாது. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன், பேச்சு நின்றுவிட்டது.

மயூர் விஹார்:
வாடகையை விடுங்க. டெல்லியில் என் அப்பா மூன்றாவது மாதமே பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். கைப்பிடி மாட்ட டைல்ஸில் துளை போடக்கூடாது என்று ஓனர் தகராறு. கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்க. உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி வாங்காதீங்க, ஈரத்தில் கழன்றுவிடும். கம்மோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, சுவரில் ஸ்க்ரூ போட்டது. காலி செய்யும்போது டைல்ஸ் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று நானே எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்.

மல்லேஸ்வரம் தம்பி:
3,500 விஷயம் தெரியாது மாமா. ஆனாலும் கேட்டிருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஜெயநகர்க்காரி:
கீழ்வீட்டிலேயே இருப்பவரிடம் எப்படித் தம்பி மறைப்பது? புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றுவார் என்று தெரியவில்லை. வாட்ஸப்பில் இன்றைக்குப் போட்டுவிட்டேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. அம்மா இன்னும் அரை வாளித் தண்ணீரில்தான் குளிக்கிறார்.