ஆவி பிடித்ததில் உங்களுக்கு மறக்காத சம்பவம்?

போர்வைக்காரி: மூன்று வருடமாகியும் அந்த நொடி போகமாட்டேன் என்கிறது. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் பாத்திரம், தலைக்கு மேல் போர்வை. பையன் ஓடி வந்து போர்வை நுனியை மிதித்தான். அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம்கூட ஆகாத தண்ணீர் அப்படியே தொடையில். துணி ஒட்டிக்கொண்டு சூட்டை விடவே இல்லை. குழாயடிக்குப் போகாமல் பற்பசையைத் தேடிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால்தான் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ராத்திரி இருமல்: பாவம். ஆனால் அதற்காக ஆவியைக் குறை சொல்லாதீர்கள். சூட்டில் கிருமி செத்துவிடும், சளி இளகி வெளியே வரும். நான் தினமும் மூன்று வேளை பிடிப்பேன், நான்காம் நாள் சரியாகிவிடும்.

மூக்கு வார்டு: சளி இளகுவது சரி, கிருமி சாவது சரியில்லை. அது நம் செல்லுக்குள் இருக்கிறது. அதைக் கொல்லும் அளவு சூடு போனால் முதலில் மூக்குத்தோல்தான் வெந்துபோகும். நான்காம் நாள் ஆவி பிடிக்காதவருக்கும் பெரும்பாலும் குறையத் தொடங்கிவிடும்.

நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸ். தைலம் போட்டு ஆவி பிடித்த ஒருவர் "இப்போ முழுசா திறந்துடுச்சு" என்றார். மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியை நீட்டினேன். வலது பக்கம் நல்ல மூச்சுப்படலம். இடது பக்கம் பிடிப்பதற்கு முன்பு இருந்த அதே பொட்டளவு. கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னையே முறைத்தார்! தைலத்திலுள்ள மெந்தால் குளிர்ச்சி நரம்பைத் தூண்டிவிடும், காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றும். அடைப்போ பாதி சளியில்லை, உள்சதையில் ரத்தம் தேங்கி வீங்கியது. அதனால்தான் சிந்தி முடித்த கொஞ்ச நேரத்தில் திரும்ப அடைக்கிறது.

போர்வைக்காரி, இனி பிடிப்பதானால் மடியிலும் கட்டிலிலும் வேண்டாம். மேசை மேல் ஆடாத பாத்திரம், கொதி அடங்கிய தண்ணீர், குழந்தைகள் அந்த அறையிலேயே கூடாது. கொட்டிவிட்டால் துணியைக் கழற்றி 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அதன் மேலேயே ஊற்றுங்கள். ஐஸும் வேண்டாம்.

போர்வைக்காரி: நான் வழி கேட்கவே இல்லையே! இருந்தாலும், 20 நிமிடமா? நான் கடைசியில் குழாயடிக்குப் போயும் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

வீசிங் வேலு: எனக்கு ஆஸ்துமா. நெஞ்சுச்சளி கரையட்டும் என்று தைலம் போட்டுப் பிடித்தேன், போர்வைக்குள்ளேயே இழுப்பு வந்துவிட்டது. ஆவி நுரையீரலைச் சுட்டுவிட்டதா?

மூக்கு வார்டு: சுடாது. மூக்கும் தொண்டையுமே சூட்டை வாங்கிக்கொள்ளும், உள்ளே போவதற்குள் ஆறிவிடும். உங்களுக்குத் தைல வாசனை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். இன்ஹேலரைக் கையில் வைத்திருந்தீர்களா?

ராத்திரி இருமல்: கண்ணாடி என்ன காட்டினாலும் எனக்குத் தூக்கம் வருகிறதே, அது போதாதா?

வீசிங் வேலு: இல்லை, பக்கத்து அறையில் இருந்தது.