புதுப்பிப்பு: வேளச்சேரி வீட்டின் அடித்தள அறைக் கசிவு

என் பழைய கேள்வி: "தரையும் சுவரும் சேரும் மூலையில் மழைக்காலத்தில் நீர் ஊறுகிறது. உள்ளே பூச்சு அடித்தால் நிற்குமா?"

வெளிப்புறம் தோண்டிச் சுவரில் நீர்புகாப் படலம் ஒட்டுவதே சிறந்தது என்றார் இங்குள்ள பொறியாளர். நீரின் அழுத்தமே அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். ஆனால் பக்கத்து வீடு ஒட்டி நிற்கிறது, தோண்ட இடமில்லை. உள்ளே எபாக்சி என்ற பிசின் பூச்சு போதும் என்று நண்பர் சொன்னது பாதி சரி. லேசான ஈரத்துக்குத் தாங்கும். பின்னாலிருந்து தள்ளும் நீர் அதைக் கொப்புளமாக்கி உரித்துவிடும்.

அதனால் ஊறும் நீரைப் பிடித்து வெளியேற்ற, உள்ளே சுவரோரத் தரையை வெட்டி, துளையிட்ட குழாயைச் சல்லிக்குள் பதித்து, மூலைத் தொட்டிக்குச் சரிவு கொடுத்தோம். மிதவை சுவிட்சுள்ள பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு உண்டு. பெருமழையில்தானே மின்சாரம் போகிறது! ஐப்பசி மழையில் தரை காய்ந்தே இருந்தது. சுவரில் மட்டும் வெள்ளை உப்பு இன்னும் பூக்கிறது. அதைச் சுரண்டிவிட்டுப் சுவரின் நுண்துளைகளுக்குள் படிகமாகி அடைக்கும் சிமெண்ட் பூச்சு அடிக்கப்போகிறேன்.