பொருள்: இடையில் நின்ற வரிசைக்கு ‘மீள்தொடர்’ சரியா?

காட்பாடியிலிருந்து:
வேலூர்க் கோட்டையை வைத்து ஒரு கேம் செய்கிறேன். காவலாளி அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நடத்தை மரத்தில் நாலு படி உள்ள ஒரு வரிசை: கிடங்கில் மருந்துப்பை எடு, கொத்தளம் ஏறு, பீரங்கியை நிரப்பு, திரியைப் பற்றவை. அதைவிட முன்னுரிமை உள்ள கிளை, ‘சத்தம் கேட்டால் போய்ப் பார்’. ஆடுபவர் அகழியில் ஒரு கல்லைப் போட்டால் போதும், காவலாளி பாதி வேலையில் இறங்கிவிடுகிறான். திரும்பியதும், கையில் பை இருக்கும்போதே, கிடங்குக்குப் போய் இன்னொன்று எடுக்கிறான். பத்து வினாடிக்கு ஒரு கல் விழுந்தால் பீரங்கி வெடிக்கவே வெடிக்காது. விட்ட படியிலிருந்து பிடிக்கிற கணுவுக்கு ‘மீள்தொடர்’ என்று பெயர் வைத்தேன். சரியா?

ராணிப்பேட்டையிலிருந்து:
சேவ் செய்யும்போது காவலாளியின் நிலையையும் எழுதிவிடுங்கள். எனக்கும் இதே தொல்லை, அப்படித்தான் தீர்ந்தது.

காட்பாடி:
இல்லைங்க, கேமை மூடுவதே இல்லை. ஓட்டத்தின் நடுவிலேயே நடக்கிறது.

ஆற்காட்டிலிருந்து:
தம்பி, ‘மீள்’ என்றால் திரும்ப முதலிலிருந்து என்றுதான் படிப்பார்கள். உங்கள் கோளாறின் பெயரையே மருந்துக்கு வைத்துவிட்டீர்கள்! ‘நினைவு வரிசை’ போதும். நினைவுள்ள கணுவைப் போட்டால் பிரச்சினையும் தீரும்.

வேலூரிலிருந்து:
பாதி சரி ஐயா. எந்தப் படி ஓடுகிறது என்பதைச் சாதாரண வரிசையும் டிக்குக்கு டிக் நினைவில் வைக்கிறது. மேல் கிளை குறுக்கிடும்போது அதை நிறுத்துகிறார்கள் அல்லவா, அங்கேதான் அந்த நினைவு போகிறது:

```
halt():
    current = 0
```

நிறுத்தும்போது எண்ணை அழிக்காத கணுவும் உண்டு. நூலகத்துக்கு நூலகம் மாறும். இல்லையென்றால் எல்லாக் கணுக்களும் பார்க்கிற கரும்பலகையில் எண்ணை எழுதிவைக்கலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் இன்னொரு வேடிக்கை. காவலாளி இறங்கி அகழிக்கரையில் நிற்கிறான், எண் ‘மூன்றாம் படி’ என்கிறது. அங்கேயே நின்று, இல்லாத பீரங்கியை நிரப்புவான். அதனால் நான் ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு கேள்வி வைப்பேன்: பை கையில் இருக்கிறதா, இல்லை பீரங்கி ஏற்கெனவே நிரம்பிவிட்டதா? கொத்தளத்தில் நிற்கிறானா? ஆம் என்றால் அந்தப் படி உடனே வெற்றி. அப்புறம் முதலிலிருந்து தொடங்கினாலும் செய்த வேலையைத் திரும்பச் செய்யமாட்டான். ஏற வேண்டியதை மட்டும் ஏறுவான்.

ஒன்று, பாதி நிரப்பிய அளவை எந்தக் கேள்வியும் காப்பாற்றாது. அதைப் பீரங்கியிடமே எண்ணாக வைக்க வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:
எங்கள் வீட்டில் லுங்கித் தறி. இழை அறுந்தால் பாவு முழுவதையும் யாரும் கழற்றுவதில்லை, அறுந்த இடத்தில் பிணைத்துவிட்டு ஓட்டுவோம். ‘பிணைவரிசை’ எப்படி?

ஆற்காடு:
கேட்க அழகு. ஆனால் வேலூர்க்காரர் சொல்வதில் பிணைப்பே இல்லையே, முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறது. அதற்கு ‘பார்த்துத்தாண்டு வரிசை’ என்பேன்.

வேலூர்:
அப்படியானால் சொல் இரண்டு வேண்டும். எண்ணை நம்பி விட்ட இடத்தில் தொடர்வதற்குப் ‘பிணைவரிசை’ எனக்குச் சம்மதம். மற்றதற்கு ஐயா சொன்னது வாயில் நுழையவில்லை.

காட்பாடி:
கேள்விகளைப் போட்டுவிட்டேன். பையோடு நேராக ஏறுகிறான். உதவிக் குறிப்பில் அந்தப் பெயரை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன்.