அரங்கேற்ற ஃபோட்டோ ஆறும் ஒரே மாதிரி இருக்கு, எது ஷார்ப்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? (அவசரம்)

கடலோரம்83
அக்கா பொண்ணு அரங்கேற்றத்துல தில்லானா முடியுற இடம், ஒரே போஸ், கடகடன்னு ஆறு ஃபோட்டோ எடுத்தேன். 12x18 பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணணும், நாளைக்குச் சாயங்காலம் லேபுக்கு அனுப்பணும். ஃபோன்ல பாத்தா 0416 தான் பளிச்சுனு இருக்கு, லேப்டாப்ல பாத்தா சந்தேகமா இருக்கு. எதை எடுக்கலாம் சொல்லுங்க ப்ளீஸ்

இருட்டறை
எந்த கேமரா, ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்ன? ஆறுலயும் முகத்தை மட்டும் 100%ல கிராப் பண்ணிப் போடுங்க. முழுப் படத்தை ஃபோன்ல சுருக்கிப் பாத்தா எல்லாமே ஷார்ப்பாத்தான் தெரியும்.

பைட்டுக்காரன்
இதுக்கு ஏன் இவ்ளோ பாடு, ஆறு ஜேபெக்லயும் ஃபைல் சைஸ் பாருங்க, எது பெருசோ அதுதான் ஷார்ப். டீட்டெயில் அதிகமா இருந்தா ஃபைல் பெருசாகும், நான் எப்பவும் இப்படித்தான் பொறுக்குறேன்

லென்ஸ்ராஜா
டான்ஸுக்குக் குறைஞ்சது 1/500 வைக்கணும்னு இங்க எத்தனையோ தடவை எழுதியாச்சு. எடுக்கும்போதே யோசிக்காம இப்ப வந்து கேட்டா யாரு என்ன பண்றது, அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க.

கடலோரம்83
24 மெகாபிக்சல், எஃப் 2.8, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ ஆட்டோல இருந்துச்சு. கிராப் போட்டிருக்கேன். ஃபைல் சைஸும் 0416 தான் பெருசு

இருட்டறை
ஐஎஸ்ஓ ஆட்டோன்னா அதான் விஷயம். கிராப்போட விவரத்தைப் பாத்தேன், 0416 எடுக்கறப்ப மேடை லைட்டை மங்க விட்டிருக்காங்க, அது மட்டும் 6400க்கு ஏறியிருக்கு, மத்ததெல்லாம் 3200 பக்கத்துல இருக்கு. அந்தப் பொடிப்பொடியா இருக்கிற நாய்ஸும் ஃபைலைப் பெருசாக்கும், சுருக்கிப் பாத்தா ஷார்ப் மாதிரியும் ஏமாத்தும். கன்னத்தைப் பாருங்க, வெறும் தோல்ல மணல் தூவின மாதிரி இருக்கு, ஆனா இமை முடி தனித்தனியா பிரியல. பைட்டுக்காரன் சொல்ற வழி ஐஎஸ்ஓ ஒண்ணா இருந்தா ஓரளவுக்கு உதவும், இங்க உதவாது.

மத்ததுக்கு ரெண்டு இடத்தை மட்டும் பாருங்க, கண்ணும் பக்கத்துல இருக்கிற குத்துவிளக்கும். விளக்கு அவங்க நிக்கிற அதே தூரத்துல இருக்கு, அசையாது. 0413ல நெத்திச்சுட்டிக் கல்லோட மினுக்கு ஒரே பக்கமா கோடா இழுத்திருக்கு, விளக்கு விளிம்பும் அதே பக்கம் ரெட்டையா தெரியுது, அப்ப கேமராதான் ஆடியிருக்கு. 0412ல மினுக்கெல்லாம் கோடா இல்லாம வட்டமா ஊதியிருக்கு, கண்ணு மங்கல், ஆனா பின்னாடி தொங்குற பூச்சரம் இதழ் இதழா தெரியுது, ஃபோகஸ் பின்னாடி போயிடுச்சு. 0415ம் அதே கதைதான். இந்த நாலையும் ஒதுக்கிடலாம்.

மிச்சம் 0414, 0417. ரெண்டுலயும் விளக்கு கூர்மையா இருக்கு. 0414ல கண்ணு பிரமாதம், வலது கை விரல் மட்டும் வழிஞ்சிருக்கு. 0417ல கை சுத்தமா நின்னுடுச்சு, கழுத்தசைவு அப்பத்தான் முடிஞ்சிருக்கும்போல, முகம் லேசா இழுத்திருக்கு. என் ஓட்டு 0414க்கு.

சலங்கை
நான் டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறவ, 0414 வேண்டவே வேண்டாம். கையில அலபத்மம், அஞ்சு விரலும் விரிஞ்சு நிக்கணும், அது கலங்கியிருந்தா பாக்குற நாங்க முதல்ல அதைத்தான் பாப்போம். குழந்தை வருஷக்கணக்கா உழைச்சது அதுக்குத்தானே.

இருட்டறை
டீச்சர், சுவர்ல மாட்டினா வீட்டுக்கு வர்றவங்க முகத்தைத்தான் பாப்பாங்க. கண்ணு மங்கினா மொத்தப் படமும் மங்கலாத் தெரியும், கை கொஞ்சம் வழிஞ்சா ஆடுறான்னு தெரியும்.

சலங்கை
தில்லானா முடிவுல ஆடக்கூடாது, நிக்கணும். அந்த நிலைதான் படம்.

லென்ஸ்ராஜா
இதுக்குத்தான் 1/500ன்னு சொன்னேன்.

இருட்டறை
அந்த வெளிச்சத்துல 1/500 வச்சிருந்தா ஐஎஸ்ஓ பத்தாயிரத்துக்குப் போயிருக்கும். அதுவும் பரவாயில்லதான், நாய்ஸை அப்புறம் குறைக்கலாம், இழுத்துப்போன கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனா அவர் கேட்டது எடுத்த படத்தைப் பத்தி.

மாடித்தோட்டம்
எனக்கும் இதே பிரச்சனை, ஃபோன்ல தேன்சிட்டு எடுத்தா எல்லாமே மொழுமொழுன்னு வருது, ஷார்ப்னெஸ் கூட்டினா சரியாகுமா?

இருட்டறை
உங்களுது வேற, ஃபோனே நாய்ஸை வழிச்சு எடுக்கிறதால வர்றது, தனி இழை போடுங்க.

கடலோரம், ஸ்கிரீன்ல மண்டையை உடைச்சுக்காதீங்க. 0414, 0417 ரெண்டுலயும் முகமும் கையும் வர்ற மாதிரி 2000க்கு 1333 பிக்சல் வெட்டி 4x6 பிரிண்ட் போடுங்க. உங்க 6000க்கு 4000 படத்தை 12x18 போட்டா எந்த அளவுல வருமோ அதே அளவுல வரும். சுவர்ல வச்சு ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க.

கடலோரம்83
போட்டுப் பாத்தேன். 0417ல முகம் இழுத்தது பேப்பர்ல அவ்வளவா தெரியல, 0414ல கை நல்லாவே தெரியுது. 0417 அனுப்பியாச்சு, நன்றி எல்லாருக்கும்

இருட்டறை
4x6ஐ ஃபோட்டோ எடுத்துப் போடுங்களேன், மேட்டா கிளாஸியா? மேட்ல அந்த அளவு இழுப்பு அமுங்கிடும்.