390 யூனிட் உற்பத்தி, பில்லில் மட்டும் 15 யூனிட் பாக்கி

நல்லூர் கிழவன்: கூரையில் 3 கிலோவாட் சோலார், நெட் மீற்றரிங், அதாவது வெளியே கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிக்கிற முறை. போன மாதம் இன்வேட்டர் ஆப்பில் 390 யூனிட் உற்பத்தி. பில்லில் நான் எடுத்தது 210. அப்படியென்றால் 180 யூனிட் என் கணக்கில் மிச்சம் நிற்க வேண்டும். பில்லோ ஏற்றுமதி 165 என்கிறது, முந்திச் சேர்ந்த 30 யூனிட்டையும் கழித்துவிட்டு 15 யூனிட்டுக்குக் காசு கேட்கிறது. கடைசி வரியில் இரண்டாயிரத்துச் சொச்சம். என் 225 யூனிட் எங்கே போனது?

கொக்குவில்காரன்: மீற்றர் பிழைதான் அண்ணை. 390 உற்பத்தி, 165 ஏற்றுமதி, பாதியைக் கூடக் காணவில்லை. விடாமல் எழுதிக் கொடுங்கோ.

வயர்மன்_ஓய்வு: அவசரப்படாதே தம்பி. அந்த 225 யூனிட்டை ஐயாவின் வீடே தின்றுவிட்டது. பகலில் பிரிட்ஜ், மின்விசிறி, தண்ணி மோட்டர் எல்லாம் முதலில் கூரையிலிருந்து வருவதைத்தான் இழுக்கும். அது மீற்றர் பக்கமே போகாது. மிஞ்சினால்தான் வெளியே போய் ஏற்றுமதியாக விழும். 210 என்பதும் ஐயாவின் முழுப் பாவனை இல்லை, வெளியிலிருந்து எடுத்தது மட்டும். உண்மையில் வீடு எரித்தது 225உம் 210உம், மொத்தம் 435 யூனிட்.

நம்பாவிட்டால் மீற்றர் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கோ. திரையில் இலக்கங்கள் மாறி மாறி வரும். 1.8.0 என்று வருவது எடுத்தது, 2.8.0 என்று வருவது கொடுத்தது. போன பில்லில் இருந்த வாசிப்பை இந்த வாசிப்பிலிருந்து கழித்தால் 210உம் 165உம் வர வேண்டும். வந்தால் மீற்றர் சரி. ஆப்பின் இலக்கத்துக்கும் பில்லுக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

கொக்குவில்காரன்: சரி, அது விளங்குது. ஆனால் ஐயா காலை 5 மணிக்கு மோட்டர் போடுகிறவர் என்று நினைக்கிறேன். அதை மத்தியானத்துக்கு மாற்றினால் பில் இறங்கும்தானே?

வயர்மன்_ஓய்வு: அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். மோட்டர் மாதம் 40 யூனிட் என்று வை. மத்தியானம் போட்டால் எடுப்பது 170 ஆகும், ஆனால் கொடுப்பதும் 125 ஆகிவிடும். வித்தியாசம் அதே 45. பழைய 30ஐக் கழித்தால் அதே 15. ஒன்றுக்கு ஒன்று மாற்றுகிற கணக்கு இது, நேரம் பார்க்காது.

அச்சுவேலி தோட்டம்: குறுக்கே வாறதுக்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மத்தியானம் 12 மணிக்கு இன்வேட்டர் தானாக நின்று நின்று போகுது. வோல்ட்டேஜ் கூட என்று காட்டுது. லைனின் கடைசி வீடு நாங்கள். மோட்டர் போட்டால் நிற்பதில்லை.

வயர்மன்_ஓய்வு: உங்களுக்குத்தான் மத்தியானம் மோட்டர் லாபம்! ஒரே லைனில் நாலைந்து வீடு ஒரே நேரம் ஏற்றுமதி செய்தால் கடைசி வீட்டில் வோல்ட்டேஜ் ஏறும், இன்வேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கும். அந்த நேர உற்பத்தி யாருக்கும் இல்லை. வீட்டுக்குள் இழுத்தால் கொஞ்சம் இறங்கும். 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு பகலில் சோலாரை நிறுத்தச் சொன்னார்களே, அது வேறு பிரச்சினை. நாடு முழுக்கப் பாவனை குறைந்து மின்சாரம் மிஞ்சியது.

கொக்குவில்காரன்: அப்ப மிச்ச யூனிட்டுக்குக் காசே வராதா? 22 ரூபா என்று கேள்விப்பட்டேன்.

வயர்மன்_ஓய்வு: அது நெட் அக்கவுண்டிங், மிச்ச யூனிட்டைக் காசுக்கு விற்கிற முறை. 2016 திட்டத்தில் முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50. அந்த விலையில் 2017இல் கையெழுத்திட்டவர் இப்போது இரண்டாவது விலையில் நிற்கிறார். நெட் மீற்றரிங்கில் யூனிட் யூனிட்டாகவே அடுத்த மாதத்துக்குப் போகும், காசாக மாறாது.

கொக்குவில்காரன்: அப்படியென்றால் நெட் மீற்றரிங் எடுத்தவன் முட்டாள்.

வயர்மன்_ஓய்வு: அப்படிச் சொல்லாதே. ஐயா மாதம் 435 எரிக்கிறார். யூனிட் கூடக் கூட விலையும் கூடுகிற கட்டணத்தில், அவர் கூரை கழிப்பது மேலே உள்ள விலைகூடின யூனிட்டுகளை. மிச்சம் நிற்காத வீட்டுக்கு விற்க என்ன இருக்கு? ஆளில்லாத வீட்டில் கூரை நிறையச் சோலார் தட்டு போட்டவருக்கு அக்கவுண்டிங் சரி.

கொக்குவில்காரன்: நாளைக்குப் பிள்ளைகள் வெளிநாடு போனால் பாவனை குறையும். அப்ப பார்ப்போம்.

நல்லூர் கிழவன்: மீற்றர் பார்த்தேன், 210உம் 165உம் சரியாக வருது. ஆனால் 15 யூனிட்டுக்கு இரண்டாயிரமா?

வயர்மன்_ஓய்வு: பில்லில் முந்தைய நிலுவை என்ற வரியைப் பாருங்கோ. யூனிட் பூச்சியமானாலும் மாதாந்த நிலைக் கட்டணம் வரும், ஆனால் அது மட்டும் இவ்வளவு வராது.

நல்லூர் கிழவன்: ஐயோ, 2,310 நிலுவை. போன மாதம் மகன் கட்டிவிட்டேன் என்றவன். அவனோடு கதைக்க இருக்கு. வீட்டை மகள் பெயருக்கு மாற்றப் போகிறோம். சேர்ந்த யூனிட்டும் பெயரோடு மாறுமா?

அச்சுவேலி தோட்டம்: எனக்கும் அதே கேள்வி. யாரும் மாற்றியிருந்தால் சொல்லுங்கோ.