கலைச்சொல் தேவை (அவசரம்): வெட்டுனாப்ல இருக்குற ஸ்லாக் மெசேஜை மாத்தி எழுதுறதுக்கு

கையேடு மொழிபெயர்க்கிறவர்:
அனைவருக்கும் வணக்கம். நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்குள்ள ஒரு பயிற்சிக் கையேட்டை முடிச்சுக் குடுக்கணும், ஒரே ஒரு தலைப்புக்குச் சொல் சிக்கல. ஸ்லாக்ல அவசரத்துல அடிக்கிற மெசேஜை, நீட்டாம, புரியுற மாதிரியும் சுருக்குன்னு தைக்காத மாதிரியும் மாத்துறோம்ல, அந்த வேலைக்குப் பேர் வேணும். கையேட்டுல உள்ள உதாரணம்: "லாகின் பேஜ் ஏன் இன்னும் முடியல?" மாத்துனது: "லாகின் பேஜ் 4 மணிக்குள்ள முடியுமா? 5-க்கு டெமோ. எங்கயாவது மாட்டியிருந்தா சொல்லுங்க, நானும் பாக்குறேன்." நான் யோசிச்சது 'கனிவுச் சுருக்கம்', மனசுக்கு ஒட்டல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, நன்னூல் பத்து அழகுல முதல் மூணைப் பாருங்க: சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், நவின்றோர்க்கு இனிமை. நீங்க கேட்டது அப்படியே வரிசையா இருக்கு! பத்துக் குற்றத்துல முதல்ல வர்றது குன்றக் கூறல், அடுத்தது மிகைபடக் கூறல். வெட்டுன மெசேஜ் சின்னதா இருக்குறது குற்றமில்ல, வேண்டியது குறையுறதுதான் குற்றம். அதனால 'குன்றல் நீக்கம்'னு வைங்க.

டெஸ்டிங்ல இருக்குறவங்க:
ஐயா சொன்ன குன்றக் கூறல் எனக்கே நடந்துச்சு. வெள்ளிக்கிழமை 6:30-க்கு மேனேஜர்கிட்ட இருந்து "பேசணும்." அவ்ளோதான். ரெண்டு நாள் தூக்கமே இல்ல, திங்கக்கிழமை போனா லீவ் என்ட்ரி ஒண்ணு தப்பாம். "லீவ் என்ட்ரி பத்தி 5 நிமிஷம் பேசணும், திங்கக்கிழமை போதும்"னு அடிச்சிருந்தா பத்து செகண்ட்கூட ஆயிருக்காது. ஆனா 'குன்றல் நீக்கம்'னா எங்க டீம்ல யாருக்கும் புரியாதுங்க.

மென்பொருள் தமிழாக்கம் செய்றவர்:
எதுக்குப் புதுச்சொல்? அனுப்புன மெசேஜை மாத்துறதுக்குத்தான் 'திருத்து' இருக்கே.

கையேடு மொழிபெயர்க்கிறவர்:
இல்லைங்க, அது வேற. அனுப்புன பிறகு திருத்துனா பக்கத்துல (edited)-னு விழுது, அதுக்குள்ள பழைய வரி அவங்க போன் நோட்டிஃபிகேஷன்ல வந்திருக்கும். Enter தட்டுறதுக்கு முன்னாடி செய்றதைத்தான் கேக்குறேன். ஸ்லாக் செட்டிங்ஸ்ல Enter-க்குப் புது வரி, Ctrl+Enter-க்கு அனுப்புறதுன்னு மாத்திக்கலாம், கையேடு அதையும் சொல்லுது.

கோவை ஐடி அண்ணன்:
ரொம்ப யோசிக்கறீங்க. தமிழ்ல '-ங்க' போட்டா முடிஞ்சுதுங்க. "அனுப்பு" குத்தும், "அனுப்புங்க" குத்தாது. 'மரியாதையாக்கம்'னு வைங்க.

டெஸ்டிங்ல இருக்குறவங்க:
அண்ணா, பாதி சரி. "அதைக் கொஞ்சம் சீக்கிரம் பாருங்க"ல '-ங்க' இருக்கு, ஆனா எதை, எத்தனை மணிக்குள்ளன்னு இல்லையே? நான் திரும்பக் கேட்டா அவங்க கடுப்பாகுறாங்க, கேக்காட்டி தப்பான வேலையைப் பாக்குறேன். மரியாதை இருந்துச்சு, தெளிவு இல்ல.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:
ஔவையார் "வெட்டெனப் பேசேல்" எண்டு சொன்னது இதைத்தானே. நான் வகுப்பிலை 'பதமா எழுதுங்கோ' எண்டுதான் சொல்லுறனான், பிள்ளையள் டக்கெண்டு பிடிக்கினம். 'பதமாக்கல்' சரிவரும். ஆனா பாகு கூடினாலும் பதம் பிழைச்சுப் போகும். "சிரமத்துக்கு மன்னிக்கவும், நேரம் இருந்தால் மட்டும்" எண்டு நாலு வரி எழுதினா, கேட்ட விசயம் கடைசியிலை ஒளிஞ்சிடும். ஐயா சொன்ன மிகைபடக் கூறல் அதுதான்.

தனித்தமிழ் அன்பர்:
பதம் வடசொல். 'செவ்விதாக்கல்' எனலாம். செம்மை, செவ்வி, செவ்வை எல்லாம் ஒரே வேர், அதிலிருந்தே செப்பம், செப்பனிடல்...

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சொல்லுன்னு பொருள்படுற பதம் வேற, சோத்துக்குச் சொல்ற பதம் வேற. சங்கப் பாட்டுல பதம் உணவுக்கும் தக்க சமயத்துக்கும் வருது, அதை வடசொல்னு தள்ள நான் ஒத்துக்க மாட்டேன். 'செவ்விதாக்கல்' அழகுதான், ஆனா எடிட்டர் வேலை மாதிரி தோணுது. எனக்குப் பதம் சம்மதம்.

கோவை ஐடி அண்ணன்:
'பதப்படுத்துதல்'னு எவனாவது மாத்திப் போட்டுருவாங்க, அது தோலுக்கும் ஊறுகாய்க்கும் ஆயிருமுங்க. இன்னொண்ணு, சர்வர் விழுந்து கிடக்கறப்ப "ரோல்பேக் பண்ணு, இப்பவே"ங்கறதுதான் சரியான மெசேஜ். அப்ப யாரும் பதமாக்கிட்டு உக்கார வேண்டாம்னு கையேட்டுல ஒரு வரி சேருங்க.

கையேடு மொழிபெயர்க்கிறவர்:
அந்த வரி சேத்துட்டேன் அண்ணா. மணி ரெண்டாச்சு, இதுவரைக்கும் 'பதமாக்கல்'னு மூணு பேர், 'செவ்விதாக்கல்'னு ஒருத்தர். தலைப்பு 'மெசேஜைப் பதமாக்கல்'னு போட்டு அனுப்புறேன்.

தனித்தமிழ் அன்பர்:
'மெசேஜ்' என்பதையாவது 'செய்தி' என்று மாற்றுங்கள். பதம் குறித்து என் மறுப்பு அப்படியே இருக்கிறது, வேர்ச்சொல் சான்றுகளோடு நாளை தனி மடல் எழுதுகிறேன்.