மீட்டிங் நோட்ஸ் எப்பவும் என் தலையிலயே, எப்படி மாத்துறது?

டிசைன் ரிவ்யூ ஆரம்பிச்ச உடனே "நீங்க மினிட்ஸ் எடுத்துருங்க"ன்னு லீட் என்னைத்தான் பாக்குறாரு, டீ சொல்றது, ஃபேர்வெல் ஏற்பாடு எல்லாமே நான்தான், இத்தனைக்கும் என் கிரேடுலயே ஆம்பளைங்க நிறைய பேர் இருக்காங்க. டைப் பண்ணிட்டே இருக்கறதால டேட்டாபேஸ் மாத்துறதுல இருக்க சிக்கல சொல்ல நான் வாயெடுக்குறதுக்குள்ள முடிவே எடுத்துடுறாங்க. அப்புறம் அப்ரைசல்ல "டெக்னிக்கல் டிஸ்கஷன்ல பங்களிப்பு கம்மி"ன்னு வருது, மினிட்ஸ் எடுத்தது எந்த கணக்குலயும் இல்ல. ரொம்ப அநியாயம்ங்க இது.

"யார் எடுக்குறீங்க"ன்னு பொதுவா கேட்டா எல்லாரும் அமைதியா இருப்பாங்க, கடைசில நான்தான் எடுக்கணும், அதனால பேர் வரிசைப்படி வாரத்துக்கு ஒருத்தர்னு காலண்டர் இன்வைட்லயே போட சொல்லலாம்னு இருக்கேன். லீட்கிட்ட தனியா பேசவா, மெயில் போடவா? "உங்க நோட்ஸ்தான் நல்லா இருக்கு"ன்னு சொன்னா என்ன பதில் சொல்றது? இப்படி மாத்தினவங்க சொல்லுங்க ப்ளீஸ்.